வெங்காய வேர்நுனிப் படம்: எந்தக் கட்டம் என்று குழம்பும்போது

கொடைக்கானலில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் செய்முறை நடத்துகிறேன். செல் பகுப்பு பாடம் வந்துவிட்டால் ஆய்வக ஜன்னல் ஓரம் முழுக்கக் கண்ணாடி டம்ளர்கள் நிற்கும். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சின்ன வெங்காயம், அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொட்டபடி. வெங்காயம் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து மலையேறி வருவது. அது கிடைக்காத வாரம் பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டை வைப்போம். இரண்டுக்குமே குரோமோசோம் எண்ணிக்கை 2n = 16 என்பதால் பாடத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஸ்லைடு செய்வதைப் பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். ஐபீஸில் போனை வைத்துப் படமும் எடுத்துவிடுகிறார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான். சாயங்காலம் ஆனால் போனில் படம் வந்து விழும், கூடவே ஒரே கேள்வி: "மிஸ், இது எந்த ஃபேஸ்?" பாடநூலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுத்தமான படம் இருக்கிறது. கையில் உள்ள படத்தில் இருக்கும் செல்லோ இரண்டு படங்களுக்கு நடுவில் எங்கேயோ நிற்கிறது. பகுப்பு நிற்காமல் ஓடுகிற ஒன்று. புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்ற நான்கு பெயரும் நாம் அதன் மேல் போட்ட கோடுகள். அதனால் குழப்பம் எப்போதும் கோட்டுக்குப் பக்கத்தில்தான் வரும். பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் குழப்பங்களை, அவர்கள் சொல்கிற மாதிரியே தலைப்பிட்டு, ஒவ்வொன்றாகத் தீர்த்துப் பார்க்கிறேன்.

"படத்தில் ஒரு செல்கூடப் பிரியவில்லை"

முதலில் செல்களின் வடிவத்தைப் பாருங்கள். செங்கல் மாதிரி நீளமாக, பெரிதாக, உட்கரு ஓரத்தில் ஒதுங்கி நின்றால் நீங்கள் பார்ப்பது வேர்நுனியே அல்ல, வெங்காயச் செதிலின் தோல். வருடத்துக்கு இரண்டு பேராவது தோலை உரித்துச் சாயம் போட்டுவிட்டுப் பகுப்பைத் தேடுகிறார்கள். அந்தச் செல்கள் வளர்ந்து முடித்தவை. எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

வேர்தான், ஆனாலும் செல்கள் நீளமாக இருக்கின்றன என்றால் நுனியிலிருந்து விலகிப் போய்விட்டீர்கள். அது நீட்சி மண்டலம். பகுப்பு நடக்கும் ஆக்குத்திசு, நுனியிலிருந்து ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே செல்கள் சிறியவை, கிட்டத்தட்டச் சதுரமானவை. செல்லின் பெரும்பகுதியை உட்கருவே அடைத்துக்கொண்டிருக்கும். அதே சமயம் நுனியின் கடைக்கோடியில் தளர்வாக ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள் வேர் மூடியைச் சேர்ந்தவை. அவற்றிலும் தேட வேண்டாம், கொஞ்சம் உள்ளே வாருங்கள். ஸ்லைடுக்கு வேரை வெட்டும்போது 2 மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காமல் இருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இடம் சரி, செல்லும் சதுரம், அப்படியும் பகுப்பு அரிதாக இருக்கிறது என்றால் எங்கள் ஊரில் ஒரு கூடுதல் காரணம் உண்டு: குளிர். ஜனவரியில் மன்னவனூரிலிருந்து வரும் ஒரு மாணவி வீட்டு ஜன்னலில் டம்ளரை வைத்திருந்தாள். ஐந்து நாளாகியும் வேர் அரை சென்டிமீட்டர்கூட வரவில்லை. அந்த வேரில் செய்த ஸ்லைடில் தேடித் தேடி மூன்று செல்தான் கிடைத்தது. குளிரில் செல் சுழற்சி முழுவதுமே மெதுவாகிவிடுகிறது. கீழே சமவெளியில் மூன்று நாளில் வரும் வேருக்கு இங்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பிள்ளை அடுத்த வெங்காயத்தைச் சமையலறையில், அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்தாள். தண்ணீரைத் தினம் மாற்றினாள். வேர் 2 சென்டிமீட்டர் வெள்ளை வெளேரென்று வந்த பிறகு வெட்டினோம். பழுப்பு நிறம் ஏறிய நுனியை எடுக்காதீர்கள், அது வளர்வதை நிறுத்திவிட்ட வேர்.

"எல்லா உட்கருவும் ஒரே மாதிரி இருக்கிறது, எது புரோஃபேஸ்?"

இதுதான் உண்மையிலேயே கடினமான இடம். பழகியவர்களுக்கும் இந்த எல்லையில் கருத்து மாறும்.

செல் பகுப்பில் இறங்காமல் இருக்கும் இடைநிலையில் உட்கருவுக்குத் தெளிவான விளிம்பு இருக்கும். உள்ளே நிறம் ஏறக்குறைய ஒரே சீராக, கொஞ்சம் பொடிப் பொடியாகத் தெரியும். நடுவில் ஒன்றோ இரண்டோ நியூக்ளியோலஸ். இங்கே எந்தச் சாயம் போட்டோம் என்பதை மறக்கக் கூடாது. அசிட்டோகார்மைன் போட்ட நம்முடைய ஸ்லைடில் நியூக்ளியோலஸ் சுற்றியுள்ள சிவப்பைவிட வெளிறிய ஒரு வட்டமாகத் தெரியும். கடையில் வாங்கிய நிரந்தர ஸ்லைடு பெரும்பாலும் ஹீமட்டாக்சிலின் போட்டது. அதில் நியூக்ளியோலஸ் அடர்ந்த கறுப்புப் புள்ளி. கறுப்புப் புள்ளியைப் பார்த்துப் பழகிய பிள்ளை நம் ஸ்லைடில் அதைத் தேடினால் கிடைக்காது. "நியூக்ளியோலஸ் மறைந்துவிட்டது, அதனால் புரோஃபேஸ்" என்று எழுதிவிடுவாள். பாதிப் பிழை இங்கிருந்துதான் வருகிறது.

புரோஃபேஸ் தொடங்கியதும் உட்கருவுக்குள் நூல் தெரிய ஆரம்பிக்கும். இந்த மலையில் ஸ்வெட்டர் பின்னாத வீடு குறைவு என்பதால் கம்பளி நூற்கண்டைச் சொல்லியே விளக்குகிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் உருண்டை, பக்கத்தில் போனால் இழை இழையாகச் சுற்றியிருக்கிறது. அப்படித் தெரிந்தால் புரோஃபேஸ். நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது: படத்தைப் பெரிதாக்கி, ஒரே ஒரு நூலை விரலால் தொடர்ந்து போக முடிகிறதா என்று பாருங்கள். உட்கருவின் குறுக்களவில் பாதி தூரமாவது ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போக முடிந்தால் புரோஃபேஸ் என்று எழுதுங்கள். வெறும் பொடியாக, எங்கே தொட்டாலும் அறுந்துபோகிற மாதிரி இருந்தால் இடைநிலை.

இரண்டாவது துணை அளவு. புரோஃபேஸுக்குள் நுழையும் உட்கரு, பகுப்புக்கு வெகுதூரத்தில் இருக்கும் அக்கம்பக்கத்து உட்கருவைவிடப் பெரிதாக இருக்கும். பகுப்புக்கு முன்பே டி.என்.ஏ. இரட்டிப்பாகிவிட்டதே! ஒரு சாதாரண ஸ்கேலைப் போன் திரையில் வைத்து அளந்துவிடலாம். பக்கத்துச் செல்களில் 9 மில்லிமீட்டர் வரும்போது இதில் 12 வந்தால் சந்தேகப்படுவது நியாயம். ஆனால் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஏனென்றால் இடைநிலையின் கடைசியில் இருக்கும் உட்கருவும் பெரிதுதான். நூல் தெரிய வேண்டும்.

முன்புரோஃபேஸில் நியூக்ளியோலஸ் இன்னும் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நூலும் தெரிகிறது, வெளிறிய வட்டமும் தெரிகிறது என்று சிலர் திகைத்துப் போகிறார்கள். இரண்டும் சேர்ந்து தெரிவது தவறில்லை. நியூக்ளியோலஸ் கடைசியில்தான் கரைகிறது. அதோடு உட்கருவின் விளிம்பும் போய்விட்டால் புரோஃபேஸ் முடிகிறது என்று பொருள்.

"மெட்டாஃபேஸா, அனாஃபேஸா? இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது"

எனக்கு வரும் படங்களில் அதிகம் தவறாவது இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

பாடநூல் படத்தில் மெட்டாஃபேஸ் என்றால் குட்டையான குரோமோசோம்கள் பரேடு மாதிரி ஒரே கோட்டில் நிற்கும். வெங்காயத்தில் அப்படி வராது. வெங்காயக் குரோமோசோம்கள் நீளமானவை. அவற்றின் கரங்கள் சேரும் இடமான சென்ட்ரோமியர்கள் மட்டும்தான் செல்லின் நடுத்தளத்தில் வரிசையாகப் பிடிபட்டிருக்கின்றன. கரங்கள் தம் போக்கில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தொங்குகின்றன. ஆகவே உண்மையான மெட்டாஃபேஸ், நடுவில் அடர்த்தியான ஒரு பட்டையும் அதன் இரு பக்கமும் கலைந்த பிசிறுமாகத் தெரியும். பிசிறைப் பார்த்ததும் "பிரிய ஆரம்பித்துவிட்டது" என்று தோன்றிவிடுகிறது.

பார்க்க வேண்டியது, கரங்களின் நுனி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. ஒரு கயிற்றின் நடுவைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பிடித்த இடம் முன்னால் போகும், இரண்டு முனையும் பின்னால் இழுபட்டு வரும். அனாஃபேஸில் நடப்பது இதுவேதான். கதிர்கோல் இழை குரோமோசோமைச் சென்ட்ரோமியரில் பிடித்துத் துருவத்துக்கு இழுக்கிறது. அதனால் மடங்கிய மூக்கு துருவத்தைப் பார்க்கும், கரங்களின் நுனி செல்லின் நடுவைப் பார்க்கும். மெட்டாஃபேஸில் இதற்கு எதிர்மாறு: பிடிப்பு நடுவில் இருக்கிறது, நுனிகள் வெளியே நீட்டுகின்றன.

எனவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: அடர்த்தி எங்கே, பிசிறு எங்கே? நடுவில் அடர்த்தி, வெளியே பிசிறு என்றால் மெட்டாஃபேஸ். வெளியே அடர்த்தி, நடுவில் பிசிறு என்றால் அனாஃபேஸ். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பத்தில் எட்டுச் செல் தீர்ந்துவிடும்.

மிச்சமுள்ள இரண்டு, அனாஃபேஸ் அப்போதுதான் தொடங்கிய செல்கள். சென்ட்ரோமியர்கள் விலகிவிட்டன, ஆனால் நீளக் கரங்கள் இன்னும் ஒன்றன் மேல் ஒன்று கிடக்கின்றன. அதில் முழு இடைவெளியைத் தேடாதீர்கள், இருக்காது. நடுப்பட்டை ஒன்றா, இரண்டு இணைகோடுகளா என்று பாருங்கள். தண்டவாளம் போல இரண்டு அடர்ந்த கோடுகள், நடுவில் வெளிச்சம் கசிகிற ஒரு மெல்லிய பிளவு, அதைக் கரங்கள் பாலம் போட்ட மாதிரி கடக்கின்றன என்றால் அது அனாஃபேஸ்.

இதைப் போனில் எடுத்த ஒரே படத்தில் முடிவு செய்வது சில சமயம் முடியாத காரியம். நுண்நோக்கியின் நுண்திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்த்தி, அதே செல்லை மேல் தளம், நடுத்தளம், கீழ்த்தளம் என்று மூன்று படம் எடுங்கள். ஒரு படத்தில் ஒற்றைப் பட்டையாகத் தெரிந்தது அடுத்ததில் இரண்டாகப் பிரிந்து தெரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்டன்சரின் டயஃபிராமைப் பாதி மூடினால் விளிம்புகளும் கூர்மையாகும். முழுக்கத் திறந்து வைத்தால் வெளிச்சம் வழிந்து மெல்லிய பிளவு கரைந்துவிடுகிறது.

"கோடாகவும் இல்லை, இரண்டாகவும் இல்லை, பூ மாதிரி விரிந்திருக்கிறது"

உட்கரு விளிம்பு இல்லை, நூலும் தடித்துவிட்டது, ஆனால் செல் நடுவில் கோடு கிடையாது. இதற்கு இரண்டு விளக்கம் உண்டு.

ஒன்று, மெட்டாஃபேஸைத் துருவத்தின் பக்கமிருந்து பார்ப்பது. ஒரு தட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் கோடு, மேலிருந்து பார்த்தால் வட்டம். கவர் ஸ்லிப்பை அழுத்தித் தேய்க்கும்போது சில செல்கள் புரண்டு படுத்துவிடுகின்றன. அப்போது குரோமோசோம்கள் வட்டமாக, நடுவை நோக்கிச் சென்ட்ரோமியரும் வெளியே கரங்களுமாகப் பூவிதழ் போல விரிந்து கிடக்கும். எண்ணிப் பார்க்க இதைவிட நல்ல செல் கிடையாது. பொறுமையாக எண்ணினால் 16 வரும். வேரை நீளவாக்கில் வெட்டிய நிரந்தர ஸ்லைடில் இந்தக் காட்சி அபூர்வம், ஏனென்றால் அங்கே செல்கள் வரிசை குலையாமல் வேரின் நீளத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று, புரோஃபேஸ் முடிந்து மெட்டாஃபேஸ் தட்டு இன்னும் அமையாத இடைக்கணம். குரோமோசோம்கள் நடுத்தளத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. வட்டத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தால் முதலாவது, ஒழுங்கே இல்லாமல் சிதறியிருந்தால் இரண்டாவது. பள்ளிப் பதிவேட்டில் இதற்குத் தனிப் பெயர் கேட்பதில்லை. நான் பின்புரோஃபேஸ் என்று எழுதச் சொல்கிறேன், பக்கத்தில் "தட்டு அமையவில்லை" என்ற குறிப்போடு.

ஸ்லைடு முழுக்க இப்படிச் சிதறிய, குட்டையான குரோமோசோம்கள், ஓர் அனாஃபேஸ்கூட இல்லை என்றால் வேரை என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். கதிர்கோல் இழை கலைந்தால் குரோமோசோம்கள் நடுவுக்கு வரவும் முடியாது, பிரியவும் முடியாது. கால்சிசின் என்ற வேதிப்பொருள் அதைத்தான் செய்கிறது. குரோமோசோம் எண்ணுவதற்காக வேரைப் பனிக்கட்டி நீரில் ஊறவைக்கும் வழக்கமும் இதற்காகவே. கட்டங்களைப் பார்க்கும் ஸ்லைடுக்கு இந்த முன்தயாரிப்பு எதுவும் கூடாது. வேரை வெட்டியதும் நேராக நிலைநிறுத்தும் கரைசலில் போட வேண்டும்: மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும், அப்போதே கலந்தது, ஒரு நாள்.

"இரண்டு குவியல் இருக்கிறது. அனாஃபேஸா, டீலோஃபேஸா?"

இங்கே குவியலுக்கு நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். தூரம் ஏமாற்றும். சின்னச் செல்லில் டீலோஃபேஸ் குவியல்களுக்கு நடுவில் குறைந்த தூரமும், நீளமான செல்லில் அனாஃபேஸ் குவியல்களுக்கு நடுவில் நிறையத் தூரமும் இருக்கலாம்.

குவியலின் உள்விளிம்பைப் பாருங்கள். செல்லின் நடுவை நோக்கிய பக்கத்தில் கரங்கள் தனித்தனியாக விரல் விரலாகத் தொங்கினால் இன்னும் அனாஃபேஸ். அந்தப் பக்கம் வழவழப்பாகி, குவியல் ஒரே கட்டியாகத் தெரிந்தால் டீலோஃபேஸ்.

அப்புறம் செல்லின் நடுவைப் பாருங்கள். தாவரச் செல்லில் செல் தட்டு நடுவில் தோன்றி இரு ஓரத்தையும் நோக்கி வளர்கிறது. அதனால் படத்தில் அது ஆரம்பத்தில் சுவரைத் தொடாத ஒரு குட்டைக் கோடாக, இரு குவியலுக்கும் நடுவில் மிதக்கிறது. அந்தக் கோடு தெரிந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, டீலோஃபேஸ்தான். கார்மைன் ஸ்லைடில் அது வெளிறித் தெரியும். டயஃபிராமை மூடிப் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும்.

சில பிள்ளைகள் "செல் இடுப்பு ஒடுங்கவில்லையே, மிஸ்" என்று கேட்கிறார்கள். ஒடுங்குவது விலங்குச் செல். அதேபோலச் சென்ட்ரியோலையும் இங்கே தேட வேண்டாம், வெங்காய வேர்ச் செல்லில் அது கிடையாது. கெட்டியான சுவருக்குள் இருக்கும் செல் வெளியிலிருந்து உள்ளே நெரியாது, உள்ளிருந்துதான் தடுப்பு எழுப்பும்.

"இரண்டு குட்டிச் செல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, டீலோஃபேஸ் என்று எழுதலாமா?"

நடுக்கோடு இரு ஓரச் சுவரையும் தொட்டுவிட்டதா? தொட்டிருந்து, இரண்டு உட்கருவும் உருண்டையாகி, உள்ளே வெளிறிய வட்டம் தெரிந்தால் அவை இரண்டு இடைநிலைச் செல்கள். சகோதரிகள்தான், ஆனால் பிரிந்து முடித்தவர்கள். உட்கருக்கள் இன்னும் தட்டையாக, ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பது போல அடர்ந்து நின்றால் டீலோஃபேஸ். ஒன்று என்று எண்ண வேண்டும், இரண்டு என்று அல்ல.

ஒரு படம், எட்டுச் செல்

பூம்பாறையிலிருந்து வரும் ஒரு மாணவன் அனுப்பிய படத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 40 மடங்கு லென்ஸில் எடுத்தது. மெதுவாக அழுத்தியிருந்ததால் செல் வரிசை குலையவில்லை. அது ஒரு நன்மை. வரிசை வேரின் நீளத்துக்கு ஓடுகிறது, குரோமோசோம்கள் பிரிவதும் பெரும்பாலும் அதே திசையில்தான். அதனால் மெட்டாஃபேஸ் பட்டை வரிசைக்குக் குறுக்கே விழ வேண்டும். பெயர் வைக்கும் முன் இந்தத் திசையை மனதில் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வேர் மூடிப் பக்கமிருந்து முதல் செல்லில் விளிம்பு தெளிவு, வெளிறிய வட்டம் இரண்டு. இடைநிலை. அவனும் அப்படியே எழுதியிருந்தான்.

இரண்டாவதையும் இடைநிலை என்று எழுதியிருந்தான், வெளிறிய வட்டம் தெரிகிறது என்பதற்காக. பெரிதாக்கிப் பார்த்தோம். உட்கரு முதலாவதைவிட அகலம். இடது ஓரத்தில் ஒரு நூல் வளைந்து கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம் வரை போகிறது. புரோஃபேஸ்.

மூன்றாவதில் விளிம்பு இல்லை. வரிசைக்குக் குறுக்கே ஒரு தடித்த பட்டை, மேலே இரண்டு கரமும் கீழே மூன்று கரமும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவன் அனாஃபேஸ் என்று போட்டிருந்தான். "அடர்த்தி எங்கே தம்பி?" என்று கேட்டேன். "நடுவில்." "நுனி எந்தப் பக்கம்?" "வெளியே." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் அவனே மெட்டாஃபேஸ் என்று திருத்தினான்.

நான்காவது செல்லில் ஒன்றுமே இல்லை. "செத்த செல்" என்று எழுதியிருந்தான். நுண்திருகை நகர்த்தி எடுத்த அடுத்த படத்தில் அதே இடத்தில் மங்கலாக ஓர் உட்கரு எழும்பி வந்தது. அது வேறு தளத்தில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். வெட்டுத் துண்டில் செய்த ஸ்லைடானால் கத்தி உட்கருவைத் தொடாமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு. எப்படியானாலும் உட்கரு தெரியாத செல்லுக்குக் கட்டம் கிடையாது.

ஐந்தாவது, இரண்டு குவியல். ஒவ்வொன்றின் உள்பக்கமும் விரல் விரலாகத் தொங்குகிறது. அனாஃபேஸ், அவன் எழுதியது சரி.

ஆறாவதை அவன் இரண்டு இடைநிலைச் செல்கள் என்று எண்ணியிருந்தான். குவியல்கள் வழவழப்பாக, தட்டையாக இருக்கின்றன. நடுவில் உள்ள கோடு இடது சுவரைத் தொட்டுவிட்டது, வலது சுவருக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. தட்டு முடியவில்லை. டீலோஃபேஸ், ஒரு செல்.

ஏழும் எட்டும் பக்கத்துச் செல்களில் பாதி நீளம்தான். நடுச்சுவர் முழுமை, உட்கருக்கள் உருண்டை. இரண்டும் இடைநிலை.

"என் எண்ணிக்கையில் அனாஃபேஸ்தான் அதிகம்"

அப்படியானால் எண்ணிக்கையை நம்பாமல் படத்துக்குத் திரும்பிப் போங்கள். ஒரு கட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அந்த அளவுக்கு அந்தக் கட்டத்தில் செல்கள் அகப்படும். மலைப்பாதையில் ஒரு நேரத்தில் படம் எடுத்தால் மெதுவாக ஏறும் லாரிகள்தான் அதிகம் விழும், விரைந்து இறங்கும் வண்டி ஒன்றிரண்டுதான் விழும். வெங்காய வேர்நுனியில் இடைநிலை மிக நீளம், பகுப்புக்குள் புரோஃபேஸ் நீளம், அனாஃபேஸ் மிகக் குறுகியது. ஆகவே அனாஃபேஸ் புரோஃபேஸை மிஞ்சினால், மெட்டாஃபேஸ் பிசிறை அனாஃபேஸாக எண்ணியிருப்பீர்கள், புரோஃபேஸை இடைநிலையில் போட்டிருப்பீர்கள். எனக்கு வரும் தவறான அட்டவணைகளில் இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் பத்துப் பன்னிரண்டு செல்லை மட்டும் எண்ணிவிட்டு இந்தச் சோதனையைப் போடாதீர்கள். குறைந்த எண்ணிக்கையில் எதுவும் எப்படியும் விழலாம்.

மேலே சொன்ன மாணவனின் முழுப் படத்தில் 84 செல் இருந்தன. முதல் எண்ணிக்கையில் புரோஃபேஸ் 1, அனாஃபேஸ் 5 என்று வைத்திருந்தான். திரும்ப எண்ணியபோது உட்கரு தெரியாத 6 செல்லை விலக்கினோம், மிச்சம் 78. புரோஃபேஸ் 6, மெட்டாஃபேஸ் 2, அனாஃபேஸ் 1, டீலோஃபேஸ் 2 என்று வந்தது. பகுப்பில் உள்ளவை 11. அதை 78 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 14.1 சதவீதம். விலக்கிய ஆறையும் வகுக்கும் எண்ணில் சேர்த்திருந்தால் 13.1 என்று வந்திருக்கும். அதனால் பதிவேட்டில் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை செல்லை, ஏன் விலக்கினோம் என்றும் எழுத வேண்டும்.

"முழுப் படமும் சிவந்து கிடக்கிறது, எதுவும் பிரித்துத் தெரியவில்லை"

இதைப் பெயரிட முயல வேண்டாம், புது ஸ்லைடு போடுங்கள். செல்கள் ஒன்றன் மேல் ஒன்று குவிந்திருந்தால் அமிலத்தில் வேர் போதுமான அளவு மென்மையாகவில்லை. 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரி சூட்டில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் வெளியே எடுத்து வைத்த கிண்ணம் இரண்டே நிமிடத்தில் ஆறிவிடுகிறது, அதனால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்து நேரம் பார்க்கிறோம். செல்கள் ஒற்றை அடுக்காக இருந்தும் சைட்டோபிளாசமே சிவந்திருந்தால் சாயம் அதிகம். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து இழுங்கள். சைட்டோபிளாசம் வெளிறி, குரோமோசோம் மட்டும் சிவப்பாக நிற்கும் வரை இரண்டு மூன்று முறை செய்யலாம். அதன் பிறகு, அதே செல்லில் நுண்திருகை நகர்த்தி மூன்று படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.